வெளிமாநிலப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது சம்மதப் படிவத்தில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் பள்ளியின் பெண்கள் கபடி அணி டிசம்பரில் போபாலுக்குப் போகிறது. எல்லாரும் 14 முதல் 17 வயதுக்குள். ரயில் பயணம். நான் பி.டி. டீச்சர். பெற்றோரிடம் சம்மதக் கடிதமும் உடல்நலம் பற்றிய உறுதிமொழியும் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் இருக்கும் பழைய கடிதத்தில் நாலே வரிதான் இருக்கிறது. எதெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும், ஏன்?

பதில்:

அந்த நாலு வரி எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். "என் மகளைப் போட்டிக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன். ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல." கீழே கையெழுத்து, தேதி. பெரும்பாலான பள்ளிகளில் சம்மதக் கடிதம் என்றால் இவ்வளவுதான். டீச்சர், முதலில் அந்த இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

அதை நம்பித்தான் பல பள்ளிகள் நிம்மதியாக இருக்கின்றன. ஆனால் கவனக்குறைவால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் அந்த வரி யாரையும் காப்பாற்றாது. 1995 மே மாதம் பதான்கோட் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து ஆசிரியர்களோடு பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன பிள்ளைகளில் 14 பேர் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். கூடப் போன ஆசிரியர்களின் அலட்சியத்துக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்று முடிவாகி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அழைத்துப் போகிறவருக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கடமை உண்டு. பெற்றோரின் கையெழுத்தால் அந்தக் கடமை போய்விடாது. அந்த வரியால் ஒரு கெடுதலும் உண்டு. அதைப் படிக்கும் அப்பா அம்மாவுக்கு, இது பள்ளி தன்னைக் காத்துக்கொள்ள வாங்கும் காகிதம் என்று தோன்றிவிடும். அப்புறம் உடம்பைப் பற்றி மறைக்காமல் எழுதுங்கள் என்றால் எழுதமாட்டார்கள்.

படிவத்தைத் தயாரிக்கும்போது யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வீட்டில் பெற்றோர் படிப்பார்கள். வழியில் நீங்கள் படிப்பீர்கள். ஏதாவது ஆனால், இரவு பத்து மணிக்கு போபாலில் உங்களை முன்பின் தெரியாத ஒரு டாக்டர் படிப்பார். படிவத்தில் இருக்க வேண்டியதெல்லாம் இந்த மூன்று பேருக்கும் தேவைப்படுவதுதான்.

பெற்றோருக்கான பகுதி சுலபம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்தால்தான் அது சம்மதம். போட்டியின் பெயர், நடக்கும் இடம், கிளம்பும் நாள், திரும்பும் நாள், ரயில் எண், தங்கும் இடத்தின் முகவரி, கூட வரும் பெரியவர்களின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். பெண்கள் அணி என்பதால் யார் எந்த அறையில் படுப்பார்கள், இரவில் பொறுப்பான பெண் ஆசிரியர் யார் என்பதும் வேண்டும். சுளுக்கு, தசைப்பிடிப்புக்குத் தேய்த்துவிட ஆள் வருவதானால் அவர் ஆணா பெண்ணா என்பதையும், தேய்க்கும்போது இன்னொரு பெரியவர் கூடவே இருப்பார் என்பதையும் எழுதுங்கள். திரும்பி வந்ததும் ஸ்டேஷனில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதைப் பெற்றோர் எழுதித் தரட்டும். சித்தப்பா வருவாரா, அண்ணன் வருவானா, பெயர் இருக்க வேண்டும்.

இதில் பலரும் விட்டுவிடுவது விளையாடாத நேரம். காலிறுதியில் தோற்றுவிட்டால் ரயிலுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும். போபாலில் பெரிய ஏரி இருக்கிறது. பிள்ளைகள் படகில் போகலாம், குளிக்கலாம் என்று கேட்பார்கள். கபடிக்குக் கொடுத்த சம்மதம் தண்ணீருக்குப் பொருந்தாது. அதனால் "ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகலாம்: ஆம் / இல்லை", "படகுச் சவாரி: ஆம் / இல்லை", "என் மகளுக்கு நீச்சல்: தெரியும் / தெரியாது" என்று மூன்று வரி தனியாகப் போடுங்கள். குளிக்க இறங்குவது கிடையவே கிடையாது என்று அச்சிலேயே இருக்கட்டும். பியாஸ் ஆற்றில் நடந்ததும் விளையாட்டு மைதானத்தில் நடந்ததல்ல. புகைப்படம், வீடியோ வெளியிடும் அனுமதியும் தனிக் கட்டமாக இருக்க வேண்டும். அதற்கு இல்லை என்றவரின் பெண்ணும் விளையாடப் போகலாம்.

அடுத்தது டாக்டர் படிக்கும் பகுதி. இதுதான் படிவத்தின் உயிர்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் யாருடைய காகிதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவரானாலும் தனியார் ஆனாலும் உயிர்காக்கும் முதல் சிகிச்சையைத் தரத்தான் வேண்டும் என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதம் தரக்கூடியவரை நேரத்துக்குள் பிடிக்க முடியாதபோது, நல்லெண்ணத்தோடு நோயாளியின் நன்மைக்காகச் செய்யும் சிகிச்சைக்கு குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. சிக்கல் வருவது அதற்கு அடுத்த படியில். உயிர் போகாது, ஆனால் விடியும்வரை காத்திருக்கவும் முடியாது என்ற நிலையில்.

இப்படி வைத்துக்கொள்வோம். மாலை ஆறரை மணி ஆட்டத்தில் உங்கள் ரைடர், 15 வயதுப் பெண், பிடியில் சிக்கிக் கையை ஊன்றி விழுகிறாள். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து வளைந்திருக்கிறது. எட்டு மணிக்கு எக்ஸ்ரே முடிகிறது. மயக்க மருந்து கொடுத்து எலும்பை நேராக்கிக் கட்டுப் போட வேண்டும், நிற்காவிட்டால் கம்பி வைக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். வயது 18 ஆகவில்லை, பெற்றோர் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளையின் சம்மதம் செல்லாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அவ்வளவு தெளிவில்லை. ஆகவே நடைமுறையில் எந்த மருத்துவமனையும் பெற்றோர் கையெழுத்தைத்தான் கேட்கும். அப்பா அம்மா இருப்பது திண்டுக்கல்லில் என்றால், எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் மறுநாள்தான் வந்து சேர்வார்கள்.

அந்த நேரத்தில் நீட்டக்கூடிய காகிதம் இப்படி இருக்க வேண்டும்:

"என் மகளுக்குப் பயணத்தின்போது காயமோ நோயோ ஏற்பட்டால், முதலுதவி, பரிசோதனை, எக்ஸ்ரே, வெளிநோயாளி சிகிச்சை ஆகியவற்றுக்கு உடன் வரும் ஆசிரியர் (பெயர்) சம்மதம் தரலாம். மயக்க மருந்து, அறுவை சிகிச்சை, இரத்தம் ஏற்றுதல் தேவைப்பட்டால் முதலில் என்னைத் தொலைபேசியில் அழைத்து டாக்டர் விளக்க வேண்டும். கீழே உள்ள மூன்று எண்களிலும் முயன்று யாரும் கிடைக்காமல், தாமதித்தால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்று டாக்டர் கருதினால், என் சார்பில் அந்த ஆசிரியரே சம்மதம் தரலாம். இந்த அதிகாரம் (தேதி) முதல் (தேதி) வரை மட்டும்."

இப்படிப் படிப்படியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "எந்தச் சிகிச்சைக்கும் முழுச் சம்மதம்" என்று ஒரே வரியில் எழுதி வாங்கினால் வலுவாக இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கும் பொருந்தும்: ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கிப் பெறுவதுதான் சம்மதம். முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்தை வைத்து ஒரு நல்ல டாக்டர் கம்பி வைக்கமாட்டார். ஆனால் இந்தக் காகிதம் கையில் இருந்தால், நீங்கள் யார், இந்தப் பெண்ணுக்காகப் பேச உங்களை யார் அனுப்பினார்கள் என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் அம்மாவை வீடியோ அழைப்பில் பிடித்து, டாக்டர் விளக்கி, அம்மா சரி என்று சொன்னதை ஒரு நர்ஸ் சாட்சியோடு கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்வார்கள். கையெழுத்திட்ட கடிதத்தை அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். இதற்கும் ஒத்துக்கொள்ளாத மருத்துவமனை இருக்கலாம். அப்படியானால் கட்டுப் போட்டு வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு, வேறு மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்பதே வழி.

ஆக, எல்லாம் அந்த மூன்று எண்களில் வந்து நிற்கிறது. அப்பாவின் எண், அம்மாவின் எண், இருவரும் கிடைக்காவிட்டால் முடிவெடுக்கக்கூடிய ஒரு உறவினரின் எண். அப்பா இரவு ஷிப்டில் போனை வெளியே வைத்துவிட்டுப் போகிறவரா, கைபேசியைப் பையன் வைத்துக்கொண்டிருக்கிறானா என்றெல்லாம் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அங்கேயே ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்து மணி அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. பழைய எண்ணை எழுதிக் கொடுத்தவர் யாராவது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று, போபால் டாக்டருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பெற்றோரில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரே தாளில் ஒவ்வொரு வரியும் தமிழில் ஒன்று, கீழே ஆங்கிலத்தில் ஒன்று என்று இருக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டுப் புரியாமல் வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

உடல்நல உறுதிமொழிக்கு வருவோம். "என் மகள் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறாள், எந்த நோயும் இல்லை" என்று அச்சிட்டுக் கொடுத்தால் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டாலும் "இல்லை" என்றுதான் வரும். பொய் சொல்வதில்லை. போன வருடம் மூன்று முறை வீசிங் வந்து இன்ஹேலர் அடித்த பெண்ணின் அம்மா அதை நோய் என்றே நினைக்கமாட்டார், "குளிருக்கு வரும், போய்விடும்" என்பார். அதனால் நோயின் பெயரைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்திருக்கிறாளா? நெஞ்சு வலித்திருக்கிறதா? குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? (இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் இதய டாக்டர் பார்க்காமல் அந்தப் பெண்ணைக் களத்தில் இறக்காதீர்கள்.) கடந்த ஒரு வருடத்தில் இன்ஹேலரோ நெபுலைசரோ வைத்திருக்கிறார்களா? எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, கடைசியாக எப்போது? தினமும் சாப்பிடும் மாத்திரை என்ன, எத்தனை மணிக்கு? எந்த மருந்தோ ஊசியோ உணவோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது, அப்போது என்ன ஆனது, தடிப்பு வந்ததா, மூச்சுத் திணறியதா? தலையில் கடைசியாக எப்போது பலமாக அடிபட்டது? ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தால் மயக்க மருந்தில் சிக்கல் வந்ததா? டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது? 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய ஊசி அது. களத்தில் தோல் கிழிந்து மண் ஏறினால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இதில் வலிப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று எழுதிக் கொடுத்தால் அது வெளியே போய், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று பயப்படும் அம்மாக்கள் நம்மூரில் அதிகம். அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. மறைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தூக்கம் கெடுவதும் மாத்திரை விட்டுப்போவதும் வலிப்பை வரவழைக்கும் இரண்டு முக்கியமான காரணங்கள். இரவு ரயில் பயணத்தில் இரண்டும் ஒன்றாக நடக்கும். மாத்திரை பெட்டியின் அடியில் கிடக்கும், யாருக்கும் தெரியக் கூடாதென்று அவளும் எடுக்கமாட்டாள், படுக்கவைத்திருப்பது மேல் பெர்த்தில். உங்களுக்குத் தெரிந்திருந்தால் கீழ் பெர்த் கொடுத்து, இரவு எட்டு மணி மாத்திரையை நீங்களே நினைவுபடுத்தி, அந்தப் பெண் விளையாடிவிட்டே வரலாம்.

ஆகவே உறுதிமொழியின் தலைப்பிலேயே இரண்டு வாக்கியம் இருக்கட்டும்: "இதில் எழுதுவதை உடன் வரும் பொறுப்பாசிரியரும் சிகிச்சை தரும் மருத்துவரும் மட்டுமே பார்ப்பார்கள். டாக்டர் விளையாடக் கூடாது என்று சொன்னாலொழிய, இதனால் உங்கள் மகள் அணியிலிருந்து நீக்கப்படமாட்டாள்." படிவத்தை ஒட்டிய கவரில் நேராக உங்களிடமே தரச் சொல்லுங்கள், வகுப்பாசிரியர் மேசைக்குப் போக வேண்டாம். சொன்ன வாக்கை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

எல்லாப் படிவத்திலும் பெரிதாக இருக்கும் இரத்த வகை அவ்வளவு பயன்படாது. நீங்கள் எழுதிக் கொண்டுபோனதை நம்பி எந்த மருத்துவமனையும் இரத்தம் ஏற்றாது, தானே சோதித்துப் பார்த்துத்தான் ஏற்றும். இருந்துவிட்டுப் போகட்டும். அதைவிடப் பயன்படுவது யாரும் கேட்காத எடை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 38 கிலோ பெண்ணுக்கு 570 வரைதான். 500 மாத்திரை சரி, முதலுதவிப் பெட்டியில் எப்போதும் கிடக்கும் 650 அவளுக்கு அதிகம். 55 கிலோ பெண்ணுக்கு 650 கொடுக்கலாம். எடை தெரியாமல் இரவு இரண்டு மணிக்கு இதை எப்படி முடிவு செய்வீர்கள்?

நீங்கள் கையால் கொடுக்கப் போகும் மருந்துகளுக்கும் தனி அனுமதி வேண்டும். பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., செட்டிரிசின், வாந்திக்கான மாத்திரை, வலிக்கான ஸ்பிரே என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரில் பெற்றோர் டிக் செய்யட்டும். டிக் இல்லாததைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினைப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள், பதினாறு வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மாதவிலக்கு வலிக்கு வழக்கமாக என்ன எடுத்துக்கொள்வாள் என்று ஒரு வரி சேருங்கள். கேட்காவிட்டால் பக்கத்துப் பெர்த் தோழியின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அந்த வகை வலிநிவாரணி சில ஆஸ்துமா பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும்.

ஆஸ்துமா இருக்கும் பெண்ணுக்கு டிசம்பர் போபால் காலைக் குளிரில் ஓடினாலே இழுப்பு வரலாம். இன்ஹேலர் ஒன்று அவளிடமும் இன்னொன்று உங்களிடமும் இருக்கும் என்று படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை வரக்கூடுமானால் இந்த இடத்தில் கவனம் தேவை. ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமாலை இன்ஹேலரில் எடுப்பதற்குத் தடையில்லை. எட்டு மணி நேரத்துக்கு 600 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு 1600 என்பது எல்லை. வழக்கமான இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு ஆறு பஃப். ஆனால் அதே சால்பியூட்டமால் சிரப்பாகவோ மாத்திரையாகவோ போனால் தடை. டெர்பியூட்டலின் கலந்த இருமல் சிரப்பும் அப்படியே. நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் சளிக்குக் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அதனால் "கடந்த இரண்டு வாரத்தில் சாப்பிட்ட மருந்து, சிரப் உட்பட" என்று ஒரு கட்டம் வைத்து, பாட்டிலையே கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். இன்சுலினும் தடைப் பட்டியலில் இருப்பதால், அதைப் போடும் பெண் இருந்தால் மருத்துவக் காரணத்துக்கான விலக்கு அனுமதியைப் போட்டிக்கு முன்பே வாங்க வேண்டும். மூச்சுத் திணறி நிற்கிறவளுக்கு மட்டும் பஃப் கணக்குப் பார்க்காதீர்கள். சிகிச்சை முதலில், விளக்கம் அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.

கையெழுத்து யாருடையது என்பதையும் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ ஒருவர் போட்டால் போதும். பாட்டி வீட்டில் வளரும் பெண்ணானால் பாட்டியின் கையெழுத்தோடு, வெளியூரில் இருக்கும் அப்பா அல்லது அம்மாவின் கையெழுத்தையும் தபாலிலோ ஸ்கேன் செய்தோ வாங்கிவிடுங்கள். பிரிந்து வாழும் பெற்றோரானால் பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவருடையதை வாங்கி, அழைக்கக் கூடாத எண் ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பெண்ணும் தன் பெயரில் ஒரு கையெழுத்துப் போடட்டும். சட்டத்துக்காக இல்லை, அம்மாவுக்குத் தெரியாத சில விஷயங்கள் அவளுக்குத் தெரியும் என்பதற்காக.

செலவு பற்றி இரண்டு வரி போதும்: முன்பணம் பள்ளி கட்டும், பிறகு யார் ஏற்பார்கள் என்பது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ வேறு காப்பீடோ இருந்தால் நகலை இணைத்து, மத்தியப் பிரதேசத்தில் செல்லுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார் நகலும் இருக்கட்டும். அடிபட்டு வந்த கேஸைப் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டியது என்று மருத்துவமனை பதிவு செய்தால் பெயர், வயது, முகவரி எல்லாம் சரியாகக் கேட்பார்கள்.

படிவத்தை நவம்பரிலேயே வாங்கிவிடுவீர்கள், பயணமோ டிசம்பரில். நடுவில் எவ்வளவோ நடக்கும். அதனால் கடைசியில் இரண்டு வரி இடம் விட்டு, கிளம்பும் நாள் ஸ்டேஷனில் நிரப்புங்கள்: "படிவம் கொடுத்த பிறகு காய்ச்சல், அம்மை, காயம், தலையில் அடி, புது மருந்து: உண்டு / இல்லை." பெற்றோர் கையெழுத்து, நேரம். முந்தின வாரப் பயிற்சியில் தலையில் அடிபட்டு வாந்தி எடுத்த பெண் இங்கேதான் பிடிபடுவாள். அவளை டாக்டர் பார்க்காமல் ரயில் ஏற்ற வேண்டாம்.

அசல் படிவங்கள் ஒரு கோப்பில் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் வேண்டாம். ஒரு நகல் ஒட்டிய கவரில் தலைமையாசிரியரிடம் பூட்டி இருக்கட்டும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அணியின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். திரும்பி வந்ததும், யாருக்கும் எதுவும் நேரவில்லை என்றால் உடல்நலப் பக்கங்களைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனில் இருப்பதையும் அழித்துவிடுங்கள். சிகிச்சை நடந்த பெண்ணின் படிவத்தை மட்டும் மருத்துவமனைக் காகிதங்களோடு சேர்த்துப் பள்ளியில் வைத்திருங்கள்.